பில்லில் முதலில் பார்க்க வேண்டியது நாள் கணக்கு

மாதம் பிறந்தால் எமது வட்ஸ்அப் குழுக்களில் மின்சார பில் ஸ்கிரீன்ஷொட்டுகள் வரிசையாக வந்து விழுகின்றன. "மீட்டர் பார்க்கிறவர் நாலு நாள் பிந்தி வந்தார், அதனால் அறுபது யூனிட்டைத் தாண்டிவிட்டது, பில் இரட்டிப்பாகப் போகிறது" என்ற முறைப்பாடே அதிகம். இந்தப் பயம் சரியா என்று நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 ஜூன் 12 முதல் அமுலுக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை உதாரணமாக எடுப்போம். பிறகு விலை மாறியிருந்தால் உங்கள் பில்லில் உள்ள விலையைப் போடுங்கள்.

முப்பது நாளில் 31 முதல் 60 யூனிட் வரை பாவித்தால், முதல் 30 யூனிட்டுக்குத் தலா ரூ. 4.50. அடுத்த 30க்குத் தலா ரூ. 8. நிலையான கட்டணம் ரூ. 210. 60 யூனிட் முழுதாகப் பாவித்தால் 135, 240, 210 மூன்றையும் கூட்டி ரூ. 585.

அறுபதைத் தாண்டினால் மேலதிக யூனிட்டுக்கு மட்டும் விலை கூடும் என்றுதான் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. முதல் யூனிட்டிலிருந்தே வேறு அட்டவணைக்குப் போய்விடுகிறோம். முதல் 60 யூனிட்டுக்கும் தலா ரூ. 12.75, அடுத்த 30க்குத் தலா ரூ. 18.50, நிலையான கட்டணம் ரூ. 400. ஆகவே 61 யூனிட் பாவித்தவருக்கு ரூ. 1,183.50 வரும். ஒரே ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 600 ரூபா!

இப்போது ஸ்கிரீன்ஷொட்டுக்கு வருவோம். 66 யூனிட் என்று இருக்கிறது. மேலே சொன்னபடி கணக்குப் போட்டால் 765, 111, 400 சேர்ந்து ரூ. 1,276 வருகிறது. ஆனால் படத்தின் மேல்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது. முழு பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், முந்திய வாசிப்புக்கும் இந்த வாசிப்புக்கும் இடையில் 34 நாட்கள். இங்கேதான் கணக்கு மாறுகிறது.

30, 60 என்ற எல்லைகள் முப்பது நாளுக்கு உரியவை. அதாவது நாளொன்றுக்கு ஒரு யூனிட், இரண்டு யூனிட். நாள் கூடினால் எல்லையும் கூடும். 34 நாளுக்கு முதல் எல்லை 34, இரண்டாவது 68. ஆகவே 66 யூனிட் பாவித்த இந்தக் குடும்பம் குறைந்த அட்டவணையிலேயே இருக்கிறது. 34 யூனிட்டுக்கு ரூ. 153, மீதி 32க்கு ரூ. 256, நிலையான கட்டணம் ரூ. 210. மொத்தம் ரூ. 619. சமூகப் பாதுகாப்பு பங்களிப்பு வரியாக இன்னும் சுமார் 16 ரூபா சேரும். 1,276 எங்கே, 635 எங்கே!

எனவே மீட்டர் பார்ப்பவர் பிந்தி வந்தார் என்பதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது, பிந்திய நாட்கள் கணக்கில் சேராமல் போனால் மட்டுமே. அதைக் கண்டுபிடிப்பது இலகு. குறைந்த அட்டவணை பில்லில் முதல் படிக்குப் போட்டிருக்கும் யூனிட், நாட்களின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பில்லையும் மீட்டர் வாசிப்பின் படத்தையும் எடுத்துக்கொண்டு மின் பொறியியலாளர் அலுவலகத்துக்குப் போகலாம். அதற்கு முன் பழைய நிலுவை ஏதும் மொத்தத்தில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது இந்த மாதக் கட்டணம் அல்ல.

நாள் கணக்கு சரியாக இருந்தும் தீராத ஒரு அநியாயம் எமது லயன்களில் உண்டு. ஒரே மீட்டரில் இரண்டு மூன்று குடும்பங்கள் மின்சாரம் எடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. குடும்பத்துக்கு 40 யூனிட் வீதம் மூன்று குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனி மீட்டர் இருந்தால் ஒரு குடும்பத்துக்கு 135, 80, 210 சேர்ந்து ரூ. 425. ஒரே மீட்டரில் அது 120 யூனிட் ஆகிவிடுகிறது. 60க்கு ரூ. 765, அடுத்த 30க்கு ரூ. 555, கடைசி 30க்குத் தலா ரூ. 24 வீதம் ரூ. 720, நிலையான கட்டணம் ரூ. 1,000. மொத்தம் ரூ. 3,040. மூன்றாகப் பிரித்தால் தலைக்கு ஆயிரத்துக்கு மேல். எரிந்தது அதே பல்புதான். மீட்டர் இல்லாத குற்றத்துக்கு மாதாமாதம் ஏறக்குறைய 590 ரூபா தண்டம்.

இந்தக் குடும்பங்கள் சிக்கனமாக இருந்து இதைத் தீர்க்க முடியாது. ஒவ்வொரு லயன் வீட்டுக்கும் தனி மீட்டர் வேண்டும். அதற்குச் சம்மதக் கடிதம் கொடுப்பதைத் தோட்ட நிர்வாகங்கள் இழுத்தடிக்கக் கூடாது. கூட்டு மீட்டரில் இருக்கும் தோழர்கள், நாளும் யூனிட்டும் தெரியும்படி எடுத்த முழு பில்லின் படத்தைத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். வீட்டுக்கு எவ்வளவு நட்டம் என்று கணக்குப் போட்டு, அந்தத் தாளை நிர்வாகத்தின் மேசையில் நாம் வைப்போம்.