ஜூனில் படித்தது செப்டம்பரில் எங்கே போகுது? பழைய பாடத்தைத் திரும்ப அழைக்கும் 10 நிமிட வினாடி வினா

யூனிட் டெஸ்டில் 25-க்கு 22 வாங்கிய பிள்ளை, அதே பாடத்தில் காலாண்டுத் தேர்வில் திணறும். வீட்டில் "அப்பவே நல்லாத்தானே படிச்ச?" என்று திட்டு விழும். பிள்ளை அப்போது நல்லாத்தான் படித்திருக்கிறது. நடுவில் இரண்டு மாதம் அந்தப் பாடத்தை யாரும் அதனிடம் கேட்கவே இல்லை, அவ்வளவுதான்.

நம்ம ஊர் தேர்வு முறையே கொஞ்சம் அப்படித்தான். 2012-13 கல்வியாண்டில் 8ஆம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. புத்தகப் பை எடை குறைந்தது, அது உண்மையிலேயே நல்ல விஷயம். வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிந்தது. ஆனால், முதல் பருவம் முடிந்ததும் அந்தப் புத்தகம் பரணுக்குப் போய்விடும். அடுத்த பருவத் தேர்வில் அதிலிருந்து கேள்வி வராது. இப்படி வளர்ந்த பிள்ளைதான் 10ஆம் வகுப்பில் முழுப் புத்தகத்துக்கும் ஒரே பொதுத்தேர்வு எழுதுகிறது. பழைய பாடத்தைத் திரும்பத் தேடி எடுக்கிற பழக்கம் அதற்கு எங்கிருந்து வரும்?

படிப்பதை விட, கேட்பது ஏன் ஒட்டுது?

அமெரிக்காவின் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு பத்திகளைக் கொடுத்தார்கள். ஒன்றை மாணவர்கள் மறுபடி படித்தார்கள். இன்னொன்றை ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தால், மறுபடி படித்த பத்திதான் முன்னால்: 81 சதவீதம், எழுதிப் பார்த்த பத்தி 75. ஒரு வாரம் கழித்துக் கணக்கு தலைகீழ். மறுபடி படித்த பத்திக்கு 42, எழுதிப் பார்த்த பத்திக்கு 56.

இதில் கவனிக்க வேண்டியது அந்த முதல் 5 நிமிடம். திரும்பத் திரும்ப வாசித்தால் 'எனக்குத் தெரியும்' என்ற உணர்வு உடனே வந்துவிடும். தேர்வுக்கு முந்தைய இரவு நோட்ஸைப் புரட்டியவர்கள் எல்லோருக்கும் அந்தத் தெம்பு பழக்கம்தான். நினைவிலிருந்து தோண்டி எடுப்பது கஷ்டமாக, சங்கடமாக இருக்கும். அந்தக் கஷ்டம்தான் வேலை செய்கிறது. கொஞ்சம் மறக்க விட்டு, அப்புறம் தோண்டினால் இன்னும் நன்றாக ஒட்டும். அதனால்தான் கேள்விகளுக்கு நடுவே இடைவெளி விடுகிறார்கள்.

கே.ஜி.கண்டிகையில் ஒரு வெள்ளிக்கிழமை

திருத்தணி பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய கே.ஜி.கண்டிகையில் 40 பேர் இருக்கும் ஒரு 10ஆம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். அறிவியல் புத்தகத்தின் முதல் பாடம் 'இயக்க விதிகள்', ஜூனில் நடக்கிறது. ஒவ்வொரு வெள்ளியும் பாடவேளையின் முதல் 10 நிமிடத்தில் 6 கேள்விகள். 3 கேள்வி இந்த வாரப் பாடத்திலிருந்து, 2 கேள்வி மூன்று வாரத்துக்கு முந்தைய பாடத்திலிருந்து, 1 கேள்வி இரண்டு மாதப் பழசு. புத்தகம் மூடியிருக்க வேண்டும். எழுதி முடித்ததும் விடை உடனே பலகையில். மார்க் கிடையாது.

பாடம் நடந்த வாரம் கேள்வி நேரடியாக வரும்: 5 கிலோ நிறையுள்ள பொருள் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போனால் அதன் உந்தம் என்ன? 10 கிலோகிராம் மீட்டர்/வினாடி. மூன்று வாரம் கழித்து, வகுப்பு 'ஒளியியல்' பாடத்தில் இருக்கும்போது அதே விஷயம் வேறு சட்டையில் வரும்: திருத்தணி மலையிலிருந்து ஒரே வேகத்தில் இறங்கும் பைக், லோடு லாரி இரண்டில் எதை நிறுத்துவது கஷ்டம், ஏன்? இதில் எண்ணே இல்லை. உந்தம் என்றால் என்ன என்று தெரிந்திருந்தால்தான் 'ஏன்' என்பதற்கு எழுத முடியும். ஆகஸ்ட் கடைசியில் மூன்றாவது முறை: 1,000 கிலோ கார் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்திலிருந்து 5 வினாடியில் நிற்கிறது, பிரேக் கொடுத்த விசை எவ்வளவு? உந்த மாற்றம் 10,000, அதை 5-ஆல் வகுத்தால் 2,000 நியூட்டன்.

மூன்று கேள்விக்கும் அடியில் கருத்து ஒன்றுதான். ஆனால் முந்தைய விடையை மனப்பாடம் செய்தவனுக்கு அடுத்த கேள்வியில் வேலை நடக்காது.

புதுக் கேள்வி என்பது இங்கே அலங்காரம் இல்லை. 'புக் பேக் ஒன் மார்க்' கலாசாரம் நமக்குத் தெரியும். அதே கேள்வி நான்கு முறை வந்தால், பிள்ளை உந்தத்தை நினைவில் வைப்பதில்லை, 'ஆ' ஆப்ஷனை வைக்கிறது. ஆசிரியருக்கு எல்லாரும் சரியாகப் போட்டது போலத் தெரியும். ஆப்ஷன் வரிசையை மாற்றிக் கொடுத்துப் பாருங்க, குட்டு உடைந்துவிடும்.

கை தூக்கினால் போதும்

விடை எழுதியதும் "சரியாப் போட்டவங்க கை தூக்குங்க" என்றால் அடுத்த வாரத் திட்டம் கிடைத்துவிடும். 40-ல் 36 கை தூக்கினால் அந்தக் கருத்துக்கு இடைவெளியை நீட்டலாம், அடுத்து ஆறு வாரம் கழித்துக் கேட்டால் போதும். 20, 25 என்றால் அடுத்த வாரமே வேறு கேள்வியாகத் திரும்ப வரட்டும். 8 கைதான் என்றால் அது மறதி இல்லை, பாடமே போய்ச் சேரவில்லை. அங்கே வினாடி வினா எதையும் காப்பாற்றாது, திரும்ப நடத்தத்தான் வேண்டும். உள்ளே போகாத ஒன்றை வெளியே எடுக்க முடியாது இல்லையா?

இடைவெளி எவ்வளவு என்பதற்கு மந்திர எண் கிடையாது. தேர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, இடைவெளியும் அதற்கேற்ப நீளணும் என்பதுதான் ஆய்வுகள் சொல்வது. அடுத்த வாரத் தேர்வுக்கு ஓரிரு நாள், மார்ச் பொதுத்தேர்வுக்கு வாரக்கணக்கு.

இந்தப் பகுதிக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. வீட்டில் தெலுங்கு பேசிவிட்டு வகுப்பில் தமிழில் எழுதும் பிள்ளைகள் இங்கே நிறைய. புதுக் கேள்வி என்று நீளமான கதைக் கேள்வி கொடுத்தால், சோதிக்கப்படுவது அறிவியல் இல்லை, தமிழ் வாசிப்பு. கண்டுபிடிப்பது சுலபம்: தவறு விட்ட பிள்ளையிடம் அதே கேள்வியை வாயால் கேளுங்க. டக்கென்று பதில் வந்தால் பிரச்சினை கேள்வியின் வாக்கியத்தில். சின்ன வாக்கியம், ஒரு படம் போதும்.

இதைப் பதிவேடு ஆக்காதீங்க

இந்த முறை செத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. நல்லா நடக்குதே என்று யாராவது மார்க்கைப் பதிவு செய்யச் சொல்லுவார்கள். பிறகு எமிஸில் ஏற்று, அறிக்கை அனுப்பு என்று வரும். அன்றோடு பிள்ளை பக்கத்து நோட்டைப் பார்க்கத் தொடங்கும், ஆசிரியர் சுலபமான கேள்வி தேடத் தொடங்குவார். தப்பாகப் போட்டால் நஷ்டமில்லை என்று இருக்கும் வரைக்கும்தான் பிள்ளை நினைவில் தேடும், இல்லாவிட்டால் காப்பி அடிக்கும்.

கல்வித்துறை உதவ நினைத்தால் செய்யக்கூடியது வேறு. ஆசிரியருக்கு உண்மையான சுமை, ஒரே கருத்துக்கு மூன்று நான்கு விதமான கேள்வி எழுதுவதுதான். 10 நிமிட வினாவுக்கு ஞாயிறு முழுக்க உட்கார வேண்டியிருந்தால் மூன்றாவது வாரத்தில் யாராக இருந்தாலும் விட்டுவிடுவார்கள். பாடவாரியாக, எந்த வாரம் எது திரும்ப வரும் என்ற அட்டவணையோடு ஒரு கேள்வி வங்கி கொடுத்தால் போதும். முப்பருவ வகுப்புகளுக்கும் இது பொருந்தும்: இரண்டாம் பருவத்து வெள்ளிக்கிழமை வினாவில் முதல் பருவப் புத்தகத்திலிருந்து இரண்டு கேள்வி. பரணில் இருக்கும் அந்தப் புத்தகத்தை யாரும் தூக்கி வரவே தேவையில்லை.