பதினேழு கேள்விக்குறிகள்



ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்டப் பேச்சு நடக்கிறது. பில்டருக்குச் சங்கச் செயலாளர் மூன்று பக்க மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். மூன்று வாரம் கழித்து வந்த பதில் ஒரே வரி: "கார் பார்க்கிங் வீட்டுக்கு ஒன்று உண்டு. மற்றவை நேரில் பேசலாம்." எல்லோருக்கும் கோபம். எனக்கு மட்டும் அந்தக் கடிதத்தைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கை அல்லவா!

சிவப்புப் பேனாவால் கேள்விக்குறிகளைச் சுழித்தேன். பதினேழு. அதில் நான்குக்கு வரைவு ஒப்பந்தத்திலேயே பதில் இருந்தது. ஐந்து கேள்விகளே அல்ல, "இது நியாயமா?" வகை ஆதங்கம். இரண்டு எங்கள் வக்கீலிடம் கேட்கவேண்டியவை. மிச்சம் ஆறு. அந்த ஆறுக்காகத்தான் அவர் மூன்று பக்கம் படிக்கவேண்டியிருந்தது. படிக்க நேரமில்லாதவர், நேரமில்லாதவர்போல் இருக்க விரும்புகிறவர் இருவருக்குமே அப்படிப்பட்ட கடிதம் வசதி. தனக்குப் பிடித்த கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

வாடகை பற்றி அவர் எழுதியது ஏறத்தாழ இப்படி: "இடைக்கால வாடகை பற்றித் தாங்கள் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை, இந்தப் பகுதி வாடகை தங்களுக்கே தெரியும், மாதாமாதம் தருவீர்களா மொத்தமாகவா, வேலை தாமதமானால் நாங்கள் என்ன செய்வது?" அதை நான் இப்படிப் பிரித்தேன்:

கே1. இடைக்கால வாடகை, வீடு ஒன்றுக்கு மாதம் எவ்வளவு? (தொகை)
கே2. கட்டுமானம் தாமதமானாலும், புது வீட்டுச் சாவி தரும் நாள்வரை அந்த வாடகை தொடருமா? (ஆம் / இல்லை)
கே3. முதல் ஆறு மாத வாடகையைக் காலி செய்யும் அன்றே தருவீர்களா? (ஆம் / இல்லை)

"நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்டால் "கவலைப்படாதீர்கள்" என்பதுகூடப் பதில்தான். கே2-க்கு அப்படிச் சொல்ல முடியாது.

நாடாளுமன்றக் கேள்விகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே ஒரே கேள்வியை (அ), (ஆ), (இ) என்று பிரித்து, "ஆமெனில் அதன் விவரம், இல்லையெனில் காரணம்" என்று கேட்பார்கள். ஆனால் அமைச்சர் "(அ) முதல் (ஈ) வரை" என்று சேர்த்துக் கட்டி ஒரே அறிக்கையாக அவையில் வைத்துவிடுவதும் உண்டு. எண் போட்டால் மட்டும் போதாது என்பதற்கு அதுவே சாட்சி. ஒரு எண்ணுக்குள் இரண்டு கேள்வி இருந்தால் சுலபமானதற்குத்தான் பதில் வரும். அதேபோல் இருபது எண் போட்டால் "1 முதல் 20 வரை பரிசீலனையில்" என்று வரும். அதனால்தான் ஆறோடு நிறுத்தினேன்.

ஒரு சின்னத் தொழில்நுட்ப விஷயம். மின்னஞ்சலில் கணினி தானாகப் போடும் பட்டியல் எண் வேண்டாம். பதில் எழுதுகிறவர் உங்கள் 2-க்குக் கீழே எண்டர் தட்டினால் அவர் பதிலே 3 ஆகிவிடும், உங்கள் 3 நான்காகிவிடும். "கே1, கே2" என்று கையால் தட்டினால் நகராது. போனிலிருந்துகூட "கே2 இல்லை" என்று பதில் போட்டுவிடலாம். கேள்விகளுக்கு மேலே இரண்டே வரி: யார் எழுதுகிறோம், எந்தத் தேதிக்குள் பதில் தேவை, ஏன் அந்தத் தேதி. "வரும் ஞாயிறு பொதுக்குழு, வெள்ளிக்குள் தேவை" என்று எழுதினோம். ஆதங்கம் முழுவதையும் வெட்டினேன்.

செயலாளருக்கு மனத்தாங்கல். "என்ன சார், கேள்வித்தாள் மாதிரி இருக்கு, மரியாதையா இல்லையே!" என்றார். மற்றவர் நேரத்தை மிச்சப்படுத்துவதும் மரியாதைதான் சார் என்றேன். அவர் முகம் தெளியவில்லை. துக்கம் விசாரிக்கவோ மனஸ்தாபம் தீர்க்கவோ எழுதும் கடிதமாக இருந்தால் அவர் கட்சியில்தான் நானும் நின்றிருப்பேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. ஆறுக்கும். கே1-க்குத் தொகை, கே3-க்கு ஆம். கே2-க்கு மட்டும் "இல்லை, 24 மாதம் வரை மட்டுமே."

மூன்று வாரமாக நேரில் பேசலாம் என்று ஒத்திப்போட்டது இதைத்தான். தரைத்தளத்தில் பென்ஷனை மட்டும் நம்பி இருக்கும் எண்பது வயது மாமி ஒருவர் அன்று மாலை என்னிடம் கேட்டார்: "இருபத்தஞ்சாம் மாசம் நான் எங்கே போறது, வாத்தியாரே?"

ஞாயிறு கூட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை. மறுபடி எழுதியிருக்கிறோம், ஒரே கேள்வியோடு. எண்ணை மாற்றவில்லை, பழைய கே2-வேதான். முந்தைய பதிலோடு சேர்த்துப் பார்க்க அதுதான் சௌகரியம். "24 மாதத்துக்குப் பிறகும் சாவி தரும்வரை வாடகை என்று ஒப்பந்தத்தில் சேர்ப்பீர்களா? (ஆம் / இல்லை)". வெள்ளிவரை அவகாசம்.