லாஸோ கழற்றிவிட்ட ஜீன் தேவையில்லாத ஜீனா?

ரத்தப் புற்றுநோய்த் தரவு ஒன்றில் மாடலைப் பழக்க எடுத்த நோயாளிகள் 38 பேர்; ஆளுக்கு அளந்த ஜீன்களோ 7,129. வேண்டாத ஜீன்களின் எடையைப் பூஜ்ஜியமாக்கும் லாஸோ முறை, இதில் அதிகபட்சம் 38 ஜீன்களைத்தான் தேர்ந்தெடுக்கும். அதுகூடப் பரவாயில்லை. சேர்ந்தே ஏறி இறங்கும் ஜீன்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றிவிடும், அதுதான் சிக்கல்.

ஏன்? அச்சு அசல் ஒரே மாதிரி இரண்டு ஜீன்கள், இரண்டுக்கும் சேர்த்து எடை 4 என்று வைப்போம். லாஸோவின் அபராதம், குறியை விட்டுவிட்டு எடைகளைக் கூட்டுவது. 4+0 என்றாலும் 4, 2+2 என்றாலும் 4. எப்படிப் பிரித்தாலும் அதற்கு ஒன்றுதான். எடையின் வர்க்கத்துக்கு அபராதம் போட்டால் கதை மாறும்: முதல் பிரிப்புக்கு 16, இரண்டாவதுக்கு வெறும் 8. பகிர்ந்துகொள்வதுதான் லாபம்.

2005-ல் ஹூய் ஸூவும் டிரெவர் ஹேஸ்டியும் முன்வைத்த எலாஸ்டிக் நெட், இரண்டு அபராதங்களையும் கலக்கிறது. ஒன்று வேண்டாததை வெட்டும்; இன்னொன்று கூட்டாளிகளைச் சேர்த்தே வைக்கும். இதே தரவில் அது தேர்ந்தெடுத்தது 45 ஜீன்கள்.

கணிப்பு மட்டும் போதும் என்றால் லாஸோவே ஓகே. ஆனால் 'எந்தெந்த ஜீன்?' என்று பட்டியல் கேட்பவர்கள், சில நோயாளிகளை மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கணும். ஒவ்வொரு முறையும் வேறு ஜீன் வந்து நின்றால், லாஸோவின் பேச்சைக் கேட்டு மற்றதை ஒதுக்குவது தப்பு.