பெட்டிக்கடைக்குத் தனி மீட்டர்: லாபமா, தண்டமா?

பி.காம். படிக்கிறவனுக்கு வீட்டில் கிடைக்கும் ஒரே மரியாதை, "டேய், இந்த கரண்ட் பில்லைக் கொஞ்சம் பாரு" என்பதுதான். காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரியர் வைத்திருப்பது சித்திக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

சித்தி வீட்டின் முன்னறையில் கடை வைத்திருக்கிறார். சோப்பு, ஷாம்பு பாக்கெட், பால், தயிர், கொஞ்சம் கூல்டிரிங்க்ஸ். ஒரு சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ், ஒரு எல்.இ.டி. டியூப்லைட், கல்யாணத்துக்கு வந்த பழைய ஃபேன். எல்லாம் வீட்டு மீட்டரில்தான் ஓடியது. போன கணக்கெடுப்பில் வந்தவர், "அக்கா, இது வீட்டு சர்வீஸ்தானே? கடைக்குத் தனியா எடுத்துடுங்க. ஸ்குவாடு வந்தா கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

உடனே தெருவே ஆலோசகர் ஆகிவிட்டது. "அதெல்லாம் சும்மா, இத்தனை வருஷமா யாரு கேட்டா" என்று ஒரு கட்சி. "தனி மீட்டர் எடுத்தா யூனிட் பிரிஞ்சு பில் குறையும்" என்று இன்னொரு கட்சி. "கமர்ஷியல்னா கொள்ளை, வீட்டு பில்லே டபுள் ஆகும்" என்று மூன்றாவது கட்சி. மூன்று கட்சியிலும் ஒருத்தராவது பேனாவும் பேப்பரும் எடுத்தாரா என்றால் இல்லை. அதனால் நான் எடுத்தேன்.

கட்டணம் எப்படிப் போடுகிறார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கீழே உள்ளதெல்லாம் 2024 ஜூலைக் கட்டணம். 2025 ஜூலையில் ஆணையம் 3.16 சதவீதம் ஏற்றியது, வீடுகளுக்கான உயர்வை அரசு ஏற்றுக்கொண்டது. நீங்கள் கணக்குப் போடும்போது உங்கள் பில்லில் இருக்கும் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், வழி ஒன்றுதான்.

வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100க்கு யூனிட் 2.35 ரூபாய், அடுத்த 200க்கு 4.70, அடுத்த 100க்கு 6.30. மொத்தம் 500ஐத் தாண்டினால் அந்த 2.35 சலுகை போய்விடும், 101லிருந்து 400 வரை எல்லாமே 4.70. 500க்கு மேல் 8.40, 600க்கு மேல் 9.45, இன்னும் மேலே போனால் 11.55 வரை ஏறும். நிலைக்கட்டணம் கிடையாது, மின்வரியும் கிடையாது.

கடைக்கு வேறு கணக்கு. இரண்டு மாதத்தில் 100 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட் 6.45. 100ஐத் தாண்டினால் 10.15. இதில்தான் சூது. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் 10.15 இல்லை, முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் 10.15! 100 யூனிட் ஓட்டினால் 645 ரூபாய், 101 ஓட்டினால் 1,025 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 380 ரூபாய். இதோடு கிலோவாட்டுக்கு மாதம் 107 ரூபாய் நிலைக்கட்டணம், அதாவது பில்லுக்கு 214. எல்லாவற்றுக்கும் மேலே 5 சதவீத மின்வரி.

இப்போது சித்தி கணக்கு. ஃப்ரிட்ஜ் நாளுக்கு ஒரு யூனிட், 60 நாளில் 60. டியூப்லைட் 7 யூனிட். பழைய ஃபேன் 75 வாட், நாளுக்குப் பத்து மணி நேரம், 45 யூனிட். ஆகக் கடை 112. வீடு சுமார் 450 (ஏ.சி. ஒன்று இருக்கிறது, சித்தப்பாவின் பிடிவாதம்). மொத்தம் 562.

எல்லாம் வீட்டு மீட்டரில் ஓடினால் 2,561 ரூபாய். மொத்த மீட்டரையும் கமர்ஷியலாக மாற்றினால், 3 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், 6,660 ரூபாய்க்கு மேல் போகும். மூன்றாவது கட்சி பயந்தது இதைப் பார்த்துத்தான். ஆனால் யாரும் இப்படி மாற்றச் சொல்லவில்லையே! கடைக்கு மட்டும் தனி சர்வீஸ் எடுத்தால் வீடு 450க்கு 1,490 ரூபாய், கடை 112க்கு வரியோடு 1,418. கூட்டினால் 2,908. வீட்டு மீட்டரைவிட 347 ரூபாய் அதிகம்.

"பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று முதல் கட்சி எழுந்து நிற்கும். கொஞ்சம் உட்காருங்கள் ஐயா.

112ஐ 100க்குள் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதானே? அந்தப் பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினால் 45 யூனிட் 18 ஆகிறது. கடை 85 யூனிட்டில் நிற்கும். பில் 800 ரூபாய். ஒரு ஃபேன் மாற்றியதில் பில்லுக்கு 618 ரூபாய் மிச்சம், 3,000 ரூபாய் ஃபேன் ஐந்து பில்லில் தன் விலையை எடுத்துவிடும். வீடும் கடையும் சேர்த்து இப்போது 2,290. அதே ஃபேனை வீட்டு மீட்டரிலேயே மாட்டியிருந்தால் 2,334 வந்திருக்கும். ஆக, விதியை மீறி ஓட்டுவதைவிட விதிப்படி ஓட்டுவது 44 ரூபாய் குறைவு. 44 ரூபாய்தான், ஆனாலும் குறைவு.

காரணம் எளிது. வீட்டு மீட்டரில் கடையின் யூனிட்டுகள் வீட்டு யூனிட்டுகளுக்கு மேலே போய் உட்காருகின்றன. மேல் படியின் விலையில்தான் அவற்றுக்குக் காசு. சித்தி வீடு 450இல் இருப்பதால் கடைதான் 500ஐத் தாண்டவைத்து 2.35 சலுகையையும் காலி செய்தது. எனவே தனி மீட்டரால் பில் குறையுமா என்று கேட்டால் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். வீடு மட்டும் தனியாக எவ்வளவு ஓடுகிறது? கடை 100க்குள் நிற்குமா? வீடு 450க்கும் 500க்கும் நடுவில் இருந்து, கடையும் நூறுக்குள் நின்றால் குறைய வாய்ப்பு உண்டு. கூல்டிரிங்க்ஸ் கண்ணாடிக் கதவு கூலர் வைத்திருந்தால் மறந்துவிடுங்கள். அது ஒன்றே நாளுக்கு மூன்று யூனிட் சாப்பிட்டு உங்களை 10.15க்குத் தள்ளிவிடும்.

அப்படியானால் கூலர் வைத்திருப்பவர் வீட்டு மீட்டரிலேயே ஓட்டலாமா? மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126ஐப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். எதற்கென்று அனுமதி வாங்கினீர்களோ அதற்கல்லாமல் வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் அது அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கு. சித்தி மீட்டரில் ஆறு பில், 3,372 யூனிட். முழு மீட்டரையும் கடை என்று எடுத்துக்கொண்டு யூனிட்டுக்கு 20.30 போட்டால் 68 ஆயிரம். ஏற்கெனவே கட்டியதைக் கழித்தாலும் சுமார் 53 ஆயிரம். கடைக்கான யூனிட்டை மட்டும் எடுங்கள் என்று ஆட்சேபம் தெரிவிக்கலாம். இறுதி உத்தரவு வந்த பிறகு மேல்முறையீடு என்றால் 30 நாளுக்குள், அதுவும் பாதித் தொகையைக் கட்டிவிட்டு. மாதம் 170, 180 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இதை வாங்கிக்கொள்ள வேண்டுமா?

தனி மீட்டர் வந்த பிறகு ஒரு வேலை இருக்கிறது, பலர் கோட்டை விடுவது இங்கேதான். எலெக்ட்ரீஷியன் சோம்பேறித்தனத்தில் கடை லைனுக்கு வீட்டு நியூட்ரலையே கொடுத்துவிட்டுப் போவார். இப்போதைய மீட்டர்கள் பல, ஃபேஸிலும் நியூட்ரலிலும் எது அதிகமோ அதைப் பதியும். அப்படியானால் வீட்டு மீட்டர் கடையின் கரண்டையும் எண்ணும். வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால் சும்மா சும்மா ட்ரிப் ஆகும். கண்டுபிடிக்க, வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுக் கடையை மட்டும் ஓடவிடுங்கள். வீட்டு மீட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டக் கூடாது. அப்புறம் கடை மெயினை அணைத்து வீட்டில் ஏதாவது பல்பு சாகிறதா என்று பாருங்கள். வராந்தா பல்பும் மோட்டாரும் கடை மீட்டரில் ஒட்டிக்கொண்டிருந்தால் உங்கள் 85, 101 ஆகிவிடும்.

கணக்கெடுக்கும் தேதியும் முக்கியம். 85 யூனிட் என்பது 60 நாளுக்கு. பத்து நாள் தள்ளி வந்தால் 99. இன்னும் ஒரு நாள் தள்ளினால் போச்சு. அட்டையில் தேதியைப் பாருங்கள், 60ஆவது நாள் மீட்டரை செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

இதுவரை சொன்னது சித்திக்கு. இனி என் கோபம்.

எங்கள் தெருக்கோடியில் இன்னொரு அக்கா கடை வைத்திருக்கிறார். ஓட்டு வீடு, ஏ.சி. கிடையாது, வீட்டுக்கு 150 யூனிட்டுதான். அவருடைய 85 யூனிட் கடையும் வீட்டு மீட்டரில் ஓடினால் மொத்தம் 400 ரூபாய். தனி மீட்டர் எடுத்தால் 918. ஏ.சி. வைத்த சித்திக்குத் தனி மீட்டர் லாபம், ஓட்டு வீட்டு அக்காவுக்கு 518 ரூபாய் தண்டம்! வீடு சின்னதாக ஆக ஆக நேர்மையின் விலை ஏறுகிறது.

சரி, கமர்ஷியல் கட்டணத்திலிருந்துதான் வீட்டுக்கு மானியம் வருகிறது என்பார்கள். கிராஸ் சப்சிடி எனக்கும் பாடத்தில் இருக்கிறது. ஆனால் அதே கட்டண ஆணையின் வீட்டுப் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. தொழில்முறை வல்லுநர் ஒருவர் தன் வீட்டோடு ஒட்டி 200 சதுர அடி வரை ஆலோசனை அறை வைத்துக்கொண்டால் அதற்கு வீட்டுக் கட்டணம். டாக்டர், வக்கீல், ஆடிட்டர் (நாளைக்கு நான்!) உட்கார்ந்து ஃபீஸ் வாங்கும் அறை வீடு. 60 சதுர அடியில் ஷாம்பு பாக்கெட் தொங்கவிட்ட அறை வணிகம். எந்த அறையில் வருமானம் அதிகம் என்று கண்டுபிடிக்க பி.காம். தேவையில்லை.

கைத்தறி நெய்பவர் வீட்டுத் தறியையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், நியாயம். அதே பட்டியலில் 200 சதுர அடிக்குள் வீட்டுக்காரரே நடத்தும் கடையைச் சேர்க்க என்ன தடை? அது முடியாவிட்டால் அந்த 100 யூனிட் மதிலையாவது இடியுங்கள். முதல் நூறுக்கு 6.45, தாண்டியதற்கு மட்டும் 10.15 என்று வைத்தால் 112 யூனிட்டுக்கு 767 ரூபாய். இப்போது வாங்குவது 1,137. பெரிய கடைக்காரருக்கு இதில் பில்லுக்கு 370 ரூபாய்தான் குறையும், அவர் கவனிக்கவே மாட்டார்.

சித்தி தனி சர்வீஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். 1 கிலோவாட் போதும் என்று நான்தான் எழுதவைத்தேன், கிலோவாட் கூடினால் நிலைக்கட்டணமும் கூடும் அல்லவா. முன்னறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்த கதவை அடைத்துச் சுவர் வைக்கச் சொன்னார்கள், தனிப் பகுதி என்று காட்டுவதற்கு. கொத்தனார் கூலி, வயரிங், டெபாசிட் எல்லாம் என் 44 ரூபாய் கணக்கில் இல்லை. சித்தப்பா அதைத்தான் இப்போது தினமும் சொல்லிக் காட்டுகிறார். தெருக்கோடி அக்கா இன்னும் வீட்டு மீட்டரில்தான் ஓட்டுகிறார். என்னிடம் கேட்டார். 518 ரூபாய் என்று சொன்னேன், பிரிவு 126ஐயும் சொன்னேன். ஃப்ரிட்ஜை விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.