ஃப்ரீலான்ஸருக்கு எத்தனை ஸ்டார்? கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

அப்வொர்க் போன்ற தளங்களில் வேலை முடிந்ததும் தரம், நேரம் தவறாமை, தகவல் தொடர்பு எனத் தனித்தனியாக ஸ்டார் கேட்பார்கள். ஆனால் பலர் ஒரே கோபத்தை எல்லாவற்றிலும் காட்டிவிடுகிறார்கள். அடுத்த க்ளையன்ட் பார்ப்பதும் அதைத்தான்.

சிக்கல் எங்கே?

உதாரணத்துக்கு ஒரு லோகோ வேலை. பேசியது 10 நாள், 2 திருத்தம். கைக்கு வந்தது 14-ம் நாள். 4 நாள் லேட்டா? பழைய மெசேஜ்களைப் புரட்டினால், முதல் டிசைனுக்குப் பதில் சொல்ல க்ளையன்ட்டே 3 நாள் எடுத்திருக்கிறார். அப்படியென்றால் ஃப்ரீலான்ஸர் கணக்கில் 1 நாள்தான். மூன்றாவது திருத்தத்துக்குத் தனியாகப் பணம் கேட்டதும் தப்பில்லை. அது பேசியதற்கு வெளியே. ஆனால், லேட் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லாதது நிஜமான குறை.

எப்படி எழுதலாம்?

தகவல் தொடர்பிலும் நேரத்திலும் மட்டும் ஸ்டாரைக் குறைக்கலாம். 'டிசைன் நன்று, 2 திருத்தமும் செய்தார். என் தரப்புத் தாமதம் போக 1 நாள் லேட். முன்கூட்டிச் சொல்லவில்லை' என்றால் போதும்.

அப்வொர்க்கில் இதற்கு 14 நாள் அவகாசம் உண்டு. இரு தரப்பும் எழுதும்வரை அல்லது அவகாசம் முடியும்வரை ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. அதனால் கோபத்தோடு அன்றிரவே எழுத அவசியமில்லை.