லொறிக்குக் காத்திருக்கும் நேரத்தில் மூளை சாகிறது



மலையில் ஒருவருக்கு வாய் கோணி, கை விழுந்தால், "பாரிசவாதம், தலைவிதி" என்கிறோம். பல வேளைகளில் அது தலைவிதி அல்ல, பிந்திப்போன அம்புலன்ஸ்.

பாரிசவாதங்களில் பெரும்பாலானவை மூளைக்குப் போகும் குழாயை இரத்தக்கட்டி அடைப்பதால் வருபவை. அந்தக் கட்டியைப் பிடித்து வைத்திருப்பது ஃபைப்ரின் என்ற நார் வலை. வலையை அறுக்கும் கத்தியும் நம் இரத்தத்திலேயே பிளாஸ்மினோஜன் என்ற பெயரில் மடங்கிக் கிடக்கிறது. குழாயின் சுவரிலிருந்து வரும் டி.பி.ஏ. அதை விரித்தால் அது பிளாஸ்மின் ஆகி, நாரைத் துண்டு துண்டாக வெட்டும். உடம்பு இதை மெதுவாகத்தான் செய்யும். அல்டிப்பிளேஸ் என்ற ஊசிமருந்து அதே டி.பி.ஏ.யை அதிக அளவில் கொடுத்து வேலையை விரைவாக்குகிறது.

ஆனால் மருந்து கட்டியைக் கரைக்குமே தவிர, செத்த மூளையை எழுப்பாது. நேரம் போகப் போக அடைப்புக்கு அப்பாலுள்ள குழாய்களும் நைந்துவிடும். அப்போது கட்டியைக் கரைத்தால் மூளைக்குள் இரத்தம் கசியலாம். அதனால்தான் வழமையான எல்லை நாலரை மணித்தியாலம். இரத்தக்கசிவால் வந்த வாதத்துக்கு இந்த மருந்து கொடுத்தால் ஆளே போய்விடலாம். ஆகவே சீ.டி. ஸ்கேன் எடுக்காமல் எந்த டொக்டரும் ஊசி போட மாட்டார்.

இப்போது நம் தோட்டத்துக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். காலை 10 மணிக்குக் கொழுந்து எடுப்பவரின் கை விழுகிறது. எல்லை பிற்பகல் 2.30. ஸ்கேனுக்கும் சோதனைக்கும் ஒரு மணித்தியாலம் விட்டால், 1.30க்குள் பதுளை பெரியாஸ்பத்திரி வாசலில் இருக்க வேண்டும். கணக்கப்பிள்ளைக்குச் சொல்லி டிஸ்பென்சரிக்கு வர 11.15. கொழுந்து லொறி திரும்பி வர 12.15. ஸ்கேன் இல்லாத சிறிய ஆஸ்பத்திரிக்கு 1 மணி. அங்கிருந்து பதுளைக்கு 2.30. ஊசி ஆஸ்பத்திரியில் இருக்கும், நேரம் முடிந்திருக்கும்.

மாரடைப்புக்கு எல்லை 12 மணித்தியாலம் என்றாலும், முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் கொடுப்பதே இதயத்தை அதிகம் காப்பாற்றும். அதற்கு ஸ்கேன் வேண்டாம், ஈ.சீ.ஜி. போதும். ஆகவே நெஞ்சை அடைத்து வியர்த்தால் "வாய்வு" என்று சோடா கொடுத்து லயத்தில் படுக்க வைக்காதீர்கள்.

நிர்வாகத்திடம் நாம் கேட்பது இவை: துரையின் அனுமதிக்குக் காத்திராமல், பக்கத்தில் நிற்பவரே 1990 இலவச அம்புலன்ஸை அழைக்கலாம் என்று எழுத்தில் தர வேண்டும். அம்புலன்ஸ் ஏற முடியாத பாதைக்குத் தோட்ட வாகனம் எந்நேரமும் தயாராக நிற்க வேண்டும். கூடப் போகிறவரின் பேரை வெட்டக் கூடாது.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. நோயாளியைக் கடைசியாக நல்லபடியாகப் பார்த்த நேரத்தைக் குறித்து டொக்டரிடம் சொல்லுங்கள். இரவு 9 மணிக்கு நன்றாகப் படுத்தவர் காலை 5 மணிக்கு வாதத்தோடு எழுந்தால், கணக்கு 9 மணியிலிருந்துதான் தொடங்கும்.