ஏலம் போன நகை, மிச்சப் பணம் யாருக்கு? அடகு நகை பற்றி சட்டம் சொல்வது என்ன?

ஆர்.கே.பேட்டை பக்கம் தறி ஓடாத மாசத்தில் குடும்பம் ஓடுவது பெரும்பாலும் நகையில்தான். நூல் வாங்க, ஸ்கூல் ஃபீஸ் கட்ட, ஆஸ்பத்திரி செலவுக்கு என்று எதற்கும் முதலில் கழற்றப்படுவது செயினோ வளையலோதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்களுக்கும் இதே கதைதான். நகையை வைக்கும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி இரண்டு: கிராமுக்கு எவ்வளவு தருவீங்க, வட்டி எவ்வளவு?

யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. திருப்ப முடியாமல் நகை ஏலத்துக்குப் போனால், கடன் கழிந்த பிறகு மிச்சம் இருக்கும் பணம் யாருக்கு?

பலர் "ஏலம் போச்சுன்னா அவ்வளவுதான், நகையும் போச்சு, பணமும் போச்சு" என்றுதான் நினைக்கிறார்கள். அது தப்பு. மிச்சப் பணம் நகையை வைத்தவருடையது. கடந்த சில வருடங்களில் தங்கம் விலை ஏறியிருக்கும் வேகத்தில், இந்த மிச்சம் சில ஆயிரங்களோடு நிற்பதும் இல்லை.

அடகு வைத்தால் நகை யாருடையது?

உங்களுடையதுதான். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அடகு என்பது கடனுக்கு ஈடாகப் பொருளை ஒப்படைப்பது. நகை கைமாறுகிறது, உரிமை கைமாறவில்லை. அடகு பிடித்தவருக்கு இருப்பது, கடன் தீரும் வரை நகையை வைத்திருக்கும் உரிமை மட்டும்.

தவணை தவறினால் என்ன ஆகும் என்பதை அந்தச் சட்டத்தின் 176-வது பிரிவு சொல்கிறது. கடன் கொடுத்தவர் நகையைக் கையில் வைத்துக்கொண்டே பணத்துக்கு கோர்ட்டில் வழக்குப் போடலாம். இல்லையென்றால், உங்களுக்கு நியாயமான அவகாசத்தோடு நோட்டீஸ் கொடுத்துவிட்டு நகையை விற்கலாம். விற்ற பணம் கடனுக்குப் போதாவிட்டால் பாக்கியை நீங்கள் கட்ட வேண்டும். அதிகமாக வந்தால் அந்த உபரியை அவர் உங்களிடம் கொடுத்தாக வேண்டும். கொடுப்பதும் கொடுக்காததும் அவர் இஷ்டம் இல்லை, அது சட்டக் கடமை.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதே சட்டத்தின் வேறு சில பிரிவுகளில் "வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்ற வாசகம் வரும். அதாவது, இரு தரப்பும் பேசி மாற்றிக்கொள்ளலாம். 176-ல் அந்த வாசகம் கிடையாது. அதனால் "நோட்டீஸ் இல்லாமலே விற்கலாம்" என்று பொடி எழுத்தில் அச்சிட்ட பேப்பரில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் நோட்டீஸ் உரிமை போய்விடாது.

உச்ச நீதிமன்றம் சொன்னது

2022 மே மாதம் பி.டி.சி. இந்தியா ஃபைனான்ஷியல் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை விரிவாக அலசியது. அந்த வழக்கில் அடகு வைக்கப்பட்டது நகை அல்ல, கம்பெனி பங்குகள். ஆனால் விதி ஒன்றுதான். அடகு பிடித்தவர் பொருளைத் தன் பெயருக்கே மாற்றிக்கொண்டால் அது விற்பனை ஆகாது என்றது நீதிமன்றம். வெளியாள் ஒருவருக்கு உண்மையில் விற்கும் வரை அடகு அடகாகவே நீடிக்கும். விற்கும் முன் நோட்டீஸ் கட்டாயம்.

நகைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். "வட்டி ஏறிடுச்சு, கணக்கு நேராயிடுச்சு, நகையை நாங்களே எடுத்துக்கிட்டோம்" என்று ஒரு கடைக்காரர் சொன்னால், சட்டத்தின் கண்ணில் அங்கே விற்பனையே நடக்கவில்லை. 177-வது பிரிவுப்படி, உண்மையான விற்பனை நடக்கும் நிமிஷம் வரை பணத்தைக் கட்டி நகையைத் திருப்பிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தாமதத்தால் ஆன செலவையும் சேர்த்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். கெடு தேதி தாண்டிவிட்டது என்பதற்காக மட்டும் நகை கைவிட்டுப் போவதில்லை.

வங்கி, ஃபைனான்ஸ் கம்பெனி என்றால்?

இங்கே ரிசர்வ் வங்கியின் விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. தங்கம், வெள்ளி அடமானக் கடனுக்கான புதிய வழிகாட்டுதல்களை 2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைப்படுத்தக் கெடு. அதற்கு மாறும் முன் கொடுத்த கடன்களுக்குப் பழைய விதிகளே தொடரும்.

ஏலம் பற்றி அதில் உள்ள முக்கியமான விஷயங்கள் இவை. ஏலத்துக்கு முன் கடன் வாங்கியவருக்குப் போதிய நோட்டீஸ் தர வேண்டும். ஆள் எங்கே என்று தெரியவில்லை என்றால் பொது அறிவிப்பு வெளியிட்டு, அதிலிருந்து ஒரு மாதம் கழித்தே ஏலத்துக்குப் போகலாம். ஏல அறிவிப்பு இரண்டு நாளிதழ்களில் வர வேண்டும், அதில் ஒன்று அந்த வட்டார மொழியில். முதல் ஏலம் கிளை இருக்கும் அதே மாவட்டத்தில் நேரடியாக நடக்க வேண்டும். ஆர்.கே.பேட்டை கிளையில் வைத்த நகையை எடுத்த எடுப்பில் சென்னைக்குக் கொண்டுபோய் ஏலம் விட முடியாது. கடன் கொடுத்த நிறுவனமோ அதன் தொடர்புடையவர்களோ ஏலத்தில் கலந்துகொள்ளக் கூடாது.

ஏலத்தின் ஆரம்ப விலை, நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு முறை ஏலம் எடுக்க ஆளில்லாமல் போனால் மட்டும் 85 சதவீதம் வரை இறக்கலாம். உபரிப் பணத்தை, ஏலத் தொகை முழுசாகக் கைக்கு வந்த 7 வேலை நாட்களுக்குள் உங்களுக்குத் தர வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

இது உதாரணக் கணக்கு. 34 கிராம் நகை. அதில் கல் எடை 2 கிராம் கழித்தால் 32 கிராம், அதாவது 4 பவுன். வைக்கும் நாளில் கிராம் 9,000 ரூபாய் என்றால் மதிப்பு 2,88,000. செய்கூலி, கல்லின் விலை எதுவும் இதில் சேராது. 12 சதவீத வட்டிக்கு 2 லட்சம் வாங்குகிறீர்கள். ஒரு வருடம் எதுவும் கட்டவில்லை. வட்டியோடு 2,24,000 ஆகிறது. நோட்டீஸ், விளம்பரச் செலவு, கூடுதல் நாட்களின் வட்டி எல்லாம் சேர்த்து 6,000 என்று வைத்தால் மொத்த பாக்கி 2,30,000.

ஏல நாளில் கிராம் 10,500 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நகையின் மதிப்பு இப்போது 3,36,000. அதில் 90 சதவீதம் 3,02,400. இதற்குக் கீழே ஏலம் தொடங்கக் கூடாது. 3,10,000-க்குப் போனால், பாக்கி 2,30,000 கழித்து உங்களுக்கு வர வேண்டியது 80,000 ரூபாய். தறிக்காரர் வீட்டுக்கு அது சும்மா விடக்கூடிய பணமா?

இதே கணக்கில் தப்பு நடந்தால் எப்படித் தெரியும்? "ஏலத்தில் 2,35,000-க்குத்தான் போச்சு, உங்களுக்கு ஐயாயிரம்தான்" என்று சொன்னால் உடனே சந்தேகப்பட வேண்டும். இரண்டு ஏலம் தோற்றிருந்தால்கூட ஆரம்ப விலை 2,85,600-க்குக் கீழே போக முடியாது. ஏல தேதியும் நிகர எடையும் தெரிந்தால், அன்றைய 22 கேரட் விலையை வைத்து இதை நீங்களே மொபைலில் சரிபார்க்கலாம். அதனால்தான் நகை வைக்கும் அன்றே மொத்த எடை, கழிவு, நிகர எடை, கேரட் எழுதிய சான்றை வாங்கி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால் பின்னால் கணக்குக் கேட்கவே பிடி கிடையாது.

இன்னொன்றும் தெரிகிறது. நோட்டீஸ் வந்ததும் எப்படியாவது 2,30,000 புரட்டி நகையை மீட்டு, நீங்களே விற்றால் ஏலத்தைவிடக் கூடுதலாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு. நோட்டீஸின் பயன் அதுதான்.

நோட்டீஸ் ஏன் கைக்கு வருவதில்லை?

வாடகை வீடு மாறுகிறது, சிம் மாறுகிறது. கும்மிடிப்பூண்டியில் வேலை பார்க்கும்போது கொடுத்த விலாசத்துக்கு நோட்டீஸ் போய் "ஆள் இல்லை" என்று திரும்பிவிடும். உபரிக் கடிதமும் அதே பழைய விலாசத்துக்குத்தான் போகும். வீடு மாறினால் கேஸ் கனெக்‌ஷனுக்கு விலாசம் மாற்றுகிறோம், அடகு வைத்த கிளைக்குச் சொல்வதில்லை. எழுத்தில் கொடுத்து, சீல் போட்ட நகல் வாங்குங்கள்.

ஒரே வங்கியில் வேறு கடனும் பாக்கி இருந்தால், உபரியை அந்தக் கணக்கில் வரவு வைக்க வங்கிக்குச் சட்டத்தில் இடம் உண்டு. அப்படிச் செய்திருந்தால் எந்தக் கணக்கில், எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

தெருமுனை அடகுக் கடை?

இவர்களுக்கு 1943-ஆம் ஆண்டு தமிழ்நாடு அடகு பிடிப்போர் சட்டம். தாசில்தார் அலுவலக லைசென்ஸ் வேண்டும், அடகுச் சீட்டு தர வேண்டும். மீட்க ஒரு வருடமும் அதற்கு மேல் ஏழு நாளும் அவகாசம். அதன் பிறகும் பொது ஏலத்தில்தான் விற்க முடியும், கடைக்குள்ளேயே உருக்கிவிட முடியாது. நாளிதழ்களில் சீட்டு எண்களோடு வரும் "நகை ஏல அறிவிப்பு" இதற்காகத்தான். பிரச்சினை எங்கே என்றால், லைசென்ஸும் சீட்டும் இல்லாமல் துண்டுக் காகிதத்தில் எழுதித் தரும் இடங்களில். அங்கே எடைக்கும் ஆதாரம் இல்லை, ஏலத்துக்கும் ஆதாரம் இல்லை. அரை சதவீத வட்டி குறைவு என்று அங்கே போனால், உபரியை மொத்தமாக இழக்க நேரிடலாம்.

பணம் வரவில்லை என்றால்?

முதலில் கிளைக்கு எழுத்தில் கேளுங்கள்: ஏல தேதி, நிகர எடை, போன விலை, கழித்த பாக்கி, செலவு விவரம், உபரி. 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணம் இல்லாமல் புகார் தரலாம். அடகுக் கடை என்றால் தாசில்தார். சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

விதிகள் இப்போது நன்றாகவே இருக்கின்றன. ஆனால் உபரியைத் தேடி வர வேண்டியவர் யார் என்பதில்தான் நம் ஊரின் வழக்கம் இன்னும் தலைகீழாக இருக்கிறது. கடன் கொடுக்கும்போது வங்கிக் கணக்கு எண்ணை வாங்குகிற நிறுவனம், ஏலம் முடிந்ததும் அதே கணக்குக்கு உபரியையும், செல்போனுக்கு ஏலக் கணக்கையும் அனுப்புவதில் எந்தச் சிரமமும் இல்லை. "வந்து கேட்டால் தருவோம்" என்பது போதாது. ஏலம் முடிந்தது தெரியாதவரால் வந்து கேட்க முடியாது. உபரி எவ்வளவு பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைக் கிளை வாரியாகக் கேட்டு வாங்கும் வேலையை ரிசர்வ் வங்கியும், லைசென்ஸ் புதுப்பிக்கும்போது ஏலப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் வேலையை வருவாய்த் துறையும் செய்ய வேண்டும்.